ஊட்ல சொல்லிட்டீங்களா

காட்டுப்பாக்கத்தில் அந்த மாடி வீட்டைப் பார்க்கப் போனபோது நானும் நிர்மலும் நடத்திய ஒரே விசாரணை, தண்ணீர் வருமா என்பதுதான். வரும் என்றார் தரகர் பரந்தாமன். குழாயைத் திறந்தும் காட்டினார். இரண்டு சட்டக் கல்லூரி மாணவர்கள் அத்துடன் திருப்தியடைந்தோம். எங்களிடம் வழக்கு கொடுக்கப்போகிற கட்சிக்காரர்களை நினைத்தால் இப்போது பாவமாக இருக்கிறது.

"மின்னாடி யார் இருந்தாங்க?" என்று ஒப்புக்குக் கேட்டேன்.

"கவர்மெண்ட் ஆளுங்க நைனா. ரொம்ப வருசம் ஆவுது. ஆபீஸ் மாரி வச்சினு இருந்தாங்கோ. டீசென்ட். ஜன்னலக்கூட தொறக்க மாட்டாங்க. அப்பறம் வந்தவங்கதான் யாருமே நெலைக்கல."

"ஏன்?"

"இன்னா ஏன்? வாடகை கம்மியா கீதுல்ல? அப்பறம் இன்னா ஏன்னு கேட்டுகினு."

நியாயமான வாதம். முன்பணம் கொடுத்துவிட்டோம்.

வீட்டில் பயப்பட ஒன்றுமில்லை. இரண்டு அறை, பூந்தமல்லி சாலையின் ஹாரன் சத்தம், கீழே ஒரு மாவு மில். குளியலறையில் மட்டும் ஃபினாயில் வாடை. நாங்கள் ஃபினாயில் வாங்கியதே இல்லை. இரண்டு ஆண்பிள்ளைகள் தங்குமிடத்தில் ஃபினாயில் வாடை வருவதே அமானுஷ்யம் என்று அப்போதே எங்களுக்குத் தோன்றியிருக்க வேண்டும்.

முதல் வாரத்தில் ஒரு சாயங்காலம். வெளிச்சம் போகும் நேரம். பக்கத்து வீட்டில் குக்கர் விசில் அடித்து ஓய்ந்தது. பூட்டாத குளியலறைக்குள்ளிருந்து கத்தரிக்கோல் சத்தம் வந்தது.

சரக்.

பிறகு ஒரு ஆண் குரல். தாழ்ந்த குரல். கெஞ்சல் இல்லை, கோபம் இல்லை. பேருந்து நிறுத்தத்தில் நேரம் கேட்பதுபோல.

"ஊட்ல சொல்லிட்டீங்களா சார்?"

"டேய் நிர்மல், யார்கிட்ட பேசற?"

நிர்மல் எனக்குப் பின்னால், கட்டிலில் இருந்தான்.

கதவைத் தள்ளினோம். உள்ளே யாரும் இல்லை. ஈரத் தரையில் ஒரு கறுப்பு அரைஞாண் கயிறு கிடந்தது. கத்தரித்த கயிறு, ஒரு வெள்ளித் தாயத்து கோத்திருந்தது. தாயத்தின் நடுவே சின்னதாய் ஒரு பள்ளம். நிர்மல் அதைத் தொட்டுவிட்டுக் கையை உதறினான்.

"சூடா கீதுடா மச்சான். இடுப்புலேர்ந்து இப்பதான் எடுத்த மாரி."

ஜன்னல் வழியே வீசினான். மறுநாள் சாயங்காலம் அதே நேரம், அதே சத்தம், அதே கேள்வி. தரையில் அதே கயிறு. வெட்டிய நுனியில் நூல் இன்னும் பிரியவில்லை. புதிதாய் வெட்டியது.

அதன் பிறகு தினமும்.

அரைஞாண் கயிற்றை நம் ஊரில் இரண்டு சமயம் அறுப்பார்கள். செத்த பிறகு, வெட்டியான் அறுப்பார். உயிரோடு இருப்பவனை அடைத்து வைக்கும்போது, தூக்குப் போட்டுக்கொள்ளாமலிருக்க, காவலர் அறுப்பார். இரண்டும் எனக்குத் தெரியும். ஆனாலும் வீட்டைக் காலி செய்யவில்லை. முன்பணம் திரும்பாது என்பதால் பேயுடன் குடும்பம் நடத்தும் முதல் தலைமுறை நாங்களாக இருக்க முடியாது.

அந்த மாதம்தான் வழக்கறிஞர் எழிலரசியிடம் பயிற்சிக்குச் சேர்ந்தேன். பூந்தமல்லி நீதிமன்றத்துக்கு எதிரே, ஜெராக்ஸ் கடை மாடியில் அலுவலகம். அங்கே என்னை முதலில் வரவேற்றது அஞ்சலை.

அவருடைய கணவர் ஏகாம்பரம் செம்பரம்பாக்கத்து விவசாயி. ஏரிக்குப் போகும் வரத்துக்கால்வாயை மூடிக் கிடங்கு கட்டுகிறார்கள் என்று மனு மேல் மனு போட்டவர். பதினான்கு வருடங்களுக்கு முன் ஒரு சாயங்காலம், கைகால் கழுவிக்கொண்டிருந்தவரை, சீருடை இல்லாத நான்கு பேர் 'சும்மா விசாரணை' என்று வேனில் ஏற்றினார்கள். இடுப்பில் துப்பாக்கி, தலையில் போலீஸ் கிராப். உயர் நீதிமன்றத்தில் ஆட்கொணர்வு மனு போட்டபோது, 'அப்படி யாரையும் நாங்கள் அழைத்துச் செல்லவில்லை' என்று பிரமாணப் பத்திரம் வந்தது. கூட்டிப்போனவர்களே இல்லையென்று சொன்னதும், வழக்கு 'ஆள் காணவில்லை' என்று சுருங்கியது. அவராகவே காணாமல் போய்விட்டாராம், சாவியைப்போல. இப்போது அதையும் 'கண்டுபிடிக்க முடியாதது' என்று முடித்து அறிவிப்பு அனுப்பியிருந்தார்கள்.

கூடவே ஏகாம்பரத்தின் தம்பி ஹேமநாதன் நின்றார். "அண்ணி, ஏழு வருசம் தகவல் இல்லாங்காட்டி செத்ததா கோர்ட்டே சொல்லிடும். ஒரு கையெழுத்து போடு. நெலம் பேர் மாறும், உனுக்கு விதவை பென்சன் வரும். இன்னும் எத்தினி நாள்தான் இப்டி?"

அஞ்சலை அவரைப் பார்க்காமல் எழிலரசியைப் பார்த்தார். "நான் போட்டா, கேஸ் இன்னா ஆவும் வக்கீலம்மா?"

"சட்டப்படி ஒண்ணும் ஆவக்கூடாது. செத்ததா அனுமானிக்கிறது சொத்துக்காக. யார் கூட்டிப்போனா, எங்க வச்சாங்க, என்ன பண்ணாங்கன்ற கேள்வி அப்டியே நிக்கணும். ஆனா மறுநாளே அந்தத் தீர்ப்ப எடுத்துகிட்டு வந்து, 'குடும்பமே ஒத்துகிச்சு, மூடுங்க'ன்னு நிப்பாங்க. நான் பாத்திருக்கேன்."

"அப்ப போட மாட்டேன். தாலிய எடுக்கச் சொல்றதுக்கு மின்னாடி, எங்க வச்சி அறுத்தீங்கன்னு சொல்லட்டும்."

அறுத்தீங்க என்ற சொல்லில் எனக்கு இடுப்பு சில்லிட்டது.

பழைய புகாரில் அடையாளங்கள் இருந்தனவா என்று கேட்டேன். அஞ்சலையே சொன்னார்.

"கறுப்புக் கயிறு. வெள்ளி தாயத்து. முடிச்சு இறுகலன்னு நான்தான் நைனா பல்லால கடிச்சி இழுத்தேன். பல்லு பட்டு தாயத்துல பள்ளம் உழுந்துட்ச்சி. 'புருசன கடிக்கறது பத்தாதா'ன்னு சிரிச்சிகினே கழனிக்குப் போனாரு."

அவர் போன பிறகு எழிலரசியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. கயிறு எங்கே என்றார். முந்தைய நாள் விழுந்ததை எடுத்து வைத்திருந்த என் பையில் கைவிட்டேன்.

"எடுக்காத. உன் பைலேர்ந்து வந்தா அது குப்பை. விசாரணை பண்றவன், அந்த எடத்துலேர்ந்து, சாட்சிங்க முன்னாடி எடுக்கணும். படிச்சியா இல்லியா?"

"படிச்சேன் மேடம். பேய்க்கு எப்படிப் பொருந்தும்னு சிலபஸ்ல இல்ல."

"பொருந்தும். ஒருத்தர சட்டவிரோதமா அடைச்சு வச்சு, எங்கன்னு சொல்லாம மறைச்சா, அந்தக் குற்றம் அன்னைக்கே முடிஞ்சிபோவல. அவர் கதி தெரியற வரைக்கும் நடந்துகிட்டே இருக்கு. தொடர் குற்றத்துக்குக் காலவரம்பு ஒவ்வொரு கணமும் புதுசா ஆரம்பிக்கும்னு நம்ம நடைமுறைச் சட்டத்துலயே இருக்கு."

ஒவ்வொரு கணமும் புதிதாக. தினமும் புதிதாய் வெட்டிய நுனி. அந்தப் பிரிவை எழுதியவர் எங்கள் வீட்டில் வாடகைக்கு இருந்திருக்க வேண்டும்.

வலிந்து காணாமலாக்குதலுக்கு எதிரான உலக உடன்படிக்கையில் இந்தியா கையெழுத்துப் போட்டது; ஏற்புறுதி செய்யவில்லை. நம் சட்டத்தில் அந்தப் பெயரில் குற்றமே கிடையாது. எனவே எழிலரசி ஆட்கடத்தல், சட்டவிரோத அடைப்பு என்று உள்ளூர் சாமான்களை வைத்தே ஆட்சேபணை மனுவைக் கட்டினார். 'குடும்பம் சாட்சி கொண்டுவரட்டும் என்று அரசு காத்திருக்க முடியாது. தேடுவது அரசின் வேலை. அந்த வருடங்களில் அரசு ஆட்கள் இருந்ததாகத் தரகர் பரந்தாமன் சொல்லும் காட்டுப்பாக்கம் மாடி வீட்டை யார் வாடகைக்கு எடுத்தார் என்று யாருமே கேட்கவில்லை. அன்றைய போலீஸ் வண்டிகளின் ஓட்டப் பதிவேட்டைப் பார்க்கவில்லை. அக்கம்பக்கத்தை விசாரிக்கவில்லை.' மனு கேட்டது: உண்மை, பொறுப்பானவர்கள் மீது வழக்கு, உயிரோடிருந்தால் ஆள், இல்லையென்றால் எலும்பு. இவற்றுக்கு ஈடாக அல்லாமல் இவற்றோடு சேர்த்து இழப்பீடு, அதற்கு உயர் நீதிமன்றத்தில் தனி மனு.

நீதித்துறை நடுவர் போலீசின் முடிவறிக்கையை ஏற்க மறுத்தார். குற்றம் சாட்டப்படும் போலீஸ் பிரிவே தன்னை விசாரிக்கக் கூடாது என்று, வேறு பிரிவு ஆய்வாளரைக் கொண்டு மேல்விசாரணை செய்யச் சொன்னார்.

ஆய்வாளர் கிருபாகரன் ஒரு மதியம் எங்கள் வீட்டுக்கு வந்தார்; அஞ்சலையும் வந்திருந்தார். நல்ல மனிதர். ஏகாம்பரம் காணாமல் போன வருடம் அவர் கல்லூரியில் இருந்தார். தடயவியல் ஆள் குளியலறைச் சுவரைச் சுரண்டினார். ஒன்றுமில்லை. கிளம்பலாம் என்று எழுந்தார்கள்.

"கொஞ்சம் இருங்க சார்," என்றார் அஞ்சலை. "வெளிச்சம் போவட்டும். அவர இட்டுகினு போன நேரம்."

கிருபாகரன் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். என்ன நினைத்தாரோ, உட்கார்ந்தார்.

மாவு மில் நின்றது.

குக்கர் விசில் அடித்து ஓய்ந்தது.

ஃபினாயில் வாடை கனத்தது. அதற்கடியில் வேறொரு வாடை. வியர்வை. பயந்தவனின் வியர்வை.

சரக்.

திறந்த கதவு வழியே எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தோம். காலித் தரை. அடுத்த கணம் தரையில் கயிறு. நடுவில் கணம் இல்லை.

"ஊட்ல சொல்லிட்டீங்களா சார்?"

ஆய்வாளர் கிருபாகரன் நல்ல மனிதர், மறுபடியும் சொல்கிறேன். அவர் வாய் தானாகத் திறந்தது. எத்தனையோ ராத்திரி, எத்தனையோ பேருக்குச் சொல்லிச் சொல்லித் தேய்ந்த பதில், யோசிக்காமல் வந்தது.

"சொல்லியாச்சு, சொல்லியாச்சு. உக்காரு."



அஞ்சலை குளியலறை வாசலில் போய் நின்றார்.

"இல்லய்யா," என்றார் உள்ளே பார்த்து. "எனுக்கு யாரும் சொல்லல."

குழாய் ஒருமுறை உறுமி அடங்கியது. குரல் திரும்ப வரவில்லை. அஞ்சலை அந்தக் கயிற்றைத் தொடவில்லை. குனிந்து பள்ளத்தை மட்டும் பார்த்தார். பிறகு தன் முன்பல்லை நாக்கால் தடவினார்.

"எழுதிக்கோங்க சார். சூடா கீதுன்னும் எழுதுங்க."

கிருபாகரன் எழுதினார். சூடாக இருந்தது என்றும் எழுதினார். நிர்மலும் நானும் சாட்சிக் கையெழுத்துப் போட்டோம். கயிறு உறைக்குள் போனது. அரக்கு முத்திரை விழுந்தது.

அன்றிலிருந்து எங்கள் குளியலறையில் சத்தமில்லை. ஃபினாயில் வாடைகூட இல்லை. நிர்மல் குளிக்கும்போது பாட ஆரம்பித்தான். அது வேறு கொடுமை.

அடுத்த வாய்தாவுக்கு நானும் போனேன். காலை வெயில், மின்விசிறி, வராந்தாவில் கூட்டம். ஆய்வகத்துக்கு அனுப்புமுன் வழக்குச் சொத்தான கயிற்றைச் சரிபார்க்க, எழுத்தர் உறையை நடுவர் முன்பு தூக்கிக் காட்டினார். முத்திரை உடையவில்லை. பிரித்தார். கவிழ்த்தார்.

காலி.

கிருபாகரன் கூண்டருகே விறைப்பாக நின்றிருந்தார். ஆள் இளைத்திருந்தார். தினமும் சாயங்காலம் வீட்டுக்குப் போகாமல் கடற்கரையில் உட்கார்ந்திருக்கிறார் என்று அவருடைய ஓட்டுநர் எங்களிடம் சொல்லியிருந்தார்.

"ஆய்வாளரே," என்றார் நடுவர், "மனுதாரருக்கு விசாரணையின் நிலையைத் தெரிவித்தீர்களா?"

கிருபாகரன் தேய்ந்த அந்தப் பழைய பதிலுக்கு வாயைத் திறந்தார். மூடினார். நடுவரைப் பார்க்காமல், தன் தோளுக்குப் பின்னால், யாருமில்லாத இடத்தைப் பார்த்தார்.

"இல்ல," என்றார் மெதுவாக. "இன்னும் சொல்லல."

சரக்.

அவருடைய காக்கிக் கால்சட்டையின் நுனியிலிருந்து, பளபளக்கும் பூட்ஸ் மேல், ஈரமாக ஒரு கறுப்புக் கயிறு நழுவி விழுந்தது. வெள்ளித் தாயத்து தரையில் பட்டுச் சின்னதாய்ச் சத்தமிட்டது.

பின்வரிசையில் அஞ்சலை எழுந்து நின்றார். உட்காரச் சொல்ல யாருக்கும் வாய் வரவில்லை.