ஆளறி விலை

ஞாயிற்றுக்கிழமை மாலை ஆறு மணிக்குச் சுவர் மஞ்சளானது. அவிநாசி வட்டாரத்தில் எல்லார் வீட்டுச் சுவரும் ஏதோ ஒரு நிறத்துக்கு மாறும் நேரம் அது. பச்சை என்றால் வாரம் நன்றாகப் போயிருக்கிறது. மஞ்சள் என்றால் கொஞ்சம் பார்த்து நடக்க வேண்டும். சிவப்பு யார் வீட்டிலும் வந்ததில்லை, வந்திருந்தாலும் யாரும் சொல்லிக்கொள்வதில்லை. நறுமுகை மஞ்சளை ஒரு பார்வை பார்த்துவிட்டு, காயப்போட்ட துணியை மடிக்க உட்கார்ந்தாள். பணத்தைப் பற்றி ஒருவர் தெரிந்துகொள்ள வேண்டியது அவ்வளவுதான்.

அடுத்த அறையிலிருந்து சிரிப்புச் சத்தம் வந்தது. அவள் மகள் செவ்வந்தியின் சிரிப்பு. அதை முந்திக்கொண்டு நறுமுகையின் அம்மா மோகனப்பிரியாவின் சிரிப்பு. நடுவே பட்டன்கள் தரையில் உருளும் சத்தம்.

நறுமுகை மடித்த சட்டையை உதறி மறுபடி மடித்தாள்.

இடுப்பு மூட்டு மாற்றிய பிறகு அம்மா இங்கே வந்து மூன்று மாதமாகிறது. கணவன் கடலுக்கு நடுவே காற்றாலை பார்க்கப் போயிருப்பதால், அம்மா வந்தது நறுமுகைக்கு ஆறுதலாகத்தான் இருந்தது, முதல் இரண்டு வாரம். அதுவரை பள்ளிவிட்டு வந்ததும் "அம்மா, தெரியுமா..." என்று தன் தோளில் தொங்கிய பதினான்கு வயதுப் பெண், இப்போது பையைக்கூடக் கழற்றாமல் "அம்மிச்சி!" என்று அந்த அறைக்கு ஓடுகிறாள். கதவு திறந்துதான் இருக்கிறது. ஆனால் உள்ளே போய் உட்கார நறுமுகைக்கு என்னவோ மாதிரி இருந்தது, அழைக்காத கல்யாணத்துக்குப் போவதைப் போல.

எல்லாம் அந்தக் காளான் பண்ணையில் ஆரம்பித்தது. விடுமுறையில் செவ்வந்தி எதிர்மாடிப் பண்ணையில் பத்து நாள் காலை நேரம் காளான் பறித்தாள். முடிந்த அன்று ஓடிவந்து, "அம்மா, நான் எவ்வளவு சம்பாதிச்சேன்?" என்று கேட்டாள்.

"ஓடைல சேர்ந்திருக்கும் கண்ணு. அதையெல்லாம் எதுக்குக் கேக்கற?" என்றாள் நறுமுகை.

அவள் தப்பாகச் சொல்லவில்லை. யார் சம்பாதித்தாலும் அது ஓடை வழியாகக் குடும்பப் பொய்கையில் போய்ச் சேரும். எதை வாங்கினாலும் விரலில் இருக்கும் நாடிமோதிரம் ஒரு முறை அதிரும், பொய்கையிலிருந்து கழிந்துவிடும். விலைப்பட்டியல், ரசீது, சில்லறை எல்லாம் அவள் பிறந்த காலத்திலேயே மறைந்துவிட்டன. கேட்டால் மோதிரம் விலையைச் சொல்லியே ஆக வேண்டும் என்று சட்டம் இருக்கிறது. ஆனால் நாலு பேர் முன்னால் விலை கேட்பது, பந்தியில் உட்கார்ந்துகொண்டு பலகாரத்தை எண்ணிப் பார்ப்பது போன்ற காரியம். நாகரிகமானவர்கள் செய்வதில்லை.

அம்மாதான் அன்று கட்டிலிலிருந்து குரல் கொடுத்தாள். "ஏஞ்சாமி, இங்க வா. கேளு மோதரத்த. உன்ற காசு, நீ கேக்காம ஆரு கேப்பா?"

மோதிரம் சொன்னது: ஆறாயிரத்து நூற்று எழுபத்தைந்து.

"ஒரு நாளுக்கு என்ன பேச்சு?"

"அறுநூத்தி அம்பது, அம்மிச்சி."

"பத்து நாளுக்கு?"

"ஆறாயிரத்தி ஐநூறு... முன்னூத்தி இருவத்தஞ்சு எங்க போச்சு?"

ஓடையின் சேவைக்கட்டணம், நூற்றுக்கு ஐந்து. நறுமுகை முப்பத்தெட்டு வருஷமாக அந்த ஓடையில் இருக்கிறாள். அவளுக்கே அது அன்றுதான் தெரியும்.

அப்போதுதான் அம்மா அந்தக் கதையைச் சொன்னாள். நறுமுகை கதவுக்கு இந்தப்பக்கம் நின்று கேட்டாள். பிளஸ் டூ எழுதிவிட்டுத் திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனிக்குக் கைமடியாகப் போனாளாம் அம்மா. டெய்லர் தைத்துத் தள்ளுவதை அடுக்கி, பிசிறு வெட்டிக் கொடுக்கும் வேலை. ஒரு ஷிஃப்டுக்கு இருநூற்று நாற்பது ரூபாய். ஐந்து நாள் ஒன்றரை ஷிஃப்ட், சனிக்கிழமை ஒன்று.

"எட்டரை ஷிஃப்ட்டு. ரெண்டாயிரத்தி நாப்பது வரணும். கவர்ல ஆயிரத்தித் தொள்ளாயிரத்தி இருவதுதான் இருந்துச்சு. எல்லாரும் கவர வாங்கி அப்படியே பைல சொருகிட்டுப் போறாங்க. நான் அங்கயே நின்னு எண்ணுனேன். சூப்பர்வைசர், 'புதன்கெழம சாயங்காலம் கரண்டு போச்சுல்ல அம்முணி, அதுல அர ஷிஃப்ட்டு கழிச்சாச்சு'ங்கறான். 'கரண்டு போச்சுங்கண்ணா, நாங்க போகலீங்களே. செல்போன் லைட்டடிச்சு நானூறு பீசு மடிச்சோமே'ன்னேன்."

"குடுத்தானா?"

"பின்ன? நூத்தி இருவது ரூவாயும் சில்லறையா எண்ணி வெச்சான், கடுப்புல. அதையும் ஒருக்கா எண்ணிட்டுத்தான் நகந்தேன்."

உள்ளே ஒரே சிரிப்பு. கதவுக்கு வெளியே நறுமுகைக்கு நெஞ்சு காந்தியது. இந்த அம்மாவின் வயிற்றில் பிறந்து, இந்த அம்மாவின் மடியில் வளர்ந்தவள் அவள். இந்தக் கதையில் ஒரு வரிகூட அவளுக்குச் சொல்லப்பட்டதில்லை.

மறுநாளிலிருந்து பாடம் தொடங்கியது. அம்மாவிடம் பழைய சட்டைப் பட்டன் ஒரு டப்பா நிறைய இருந்தது. கறுப்பு ஆயிரம், நீலம் நூறு, வெள்ளை பத்து. காலையில் பொய்கையில் இருக்கும் தொகையைக் கேட்டு அவ்வளவு பட்டனை அடுக்க வேண்டும். எது வாங்கினாலும் விலை கேட்டு, அதை எடுத்துத் தனியே வைக்க வேண்டும். முடிவில் மோதிரத்திடம் இருப்பைக் கேட்டால் தரையில் மிஞ்சியதும் அதுவும் ஒன்றாக இருக்க வேண்டும். இல்லையென்றால் காணாமல் போனது தெரியும்வரை எழுந்திருக்கக் கூடாது. ஆசைப்பட்டு ஒன்றைக் கேட்டால் அம்மா உடனே கேட்பாள்: "இது எத்தன காலைக் காளானு?"

தினமும் மாலை ஏழு மணிக்கு இந்த விளையாட்டு. அந்த நேரத்தில்தான் நறுமுகையின் மோதிரம் மெல்லப் பேசும். "செவ்வந்திக்கு ஊதா நிறத்தில் ஒரு மழைச்சட்டை வந்திருக்கிறது. அனுப்பட்டுமா?" அவள் "அனுப்பு" என்பாள். மழைச்சட்டை வந்ததும் செவ்வந்தி வந்து கட்டிக்கொண்டாள், உண்மைதான். அதைப் போட்டுக்கொண்டே நேராக அம்மிச்சியிடம் காட்ட ஓடினாள். அதற்கடுத்த நாள் நடைக்காலணி. பிறகு ஒரு பெட்டி சாக்லேட். அதில் பாதி அம்மிச்சியின் தலையணைக்கடியில் இருந்தது.

புதன்கிழமை மூவரும் தெருமுனைக் கடைக்குப் போனார்கள். செவ்வந்தி கடலைமிட்டாய்ப் பொட்டலத்தைத் தூக்கி, கடை முழுக்கக் கேட்கும்படி, "வெல சொல்லு!" என்றாள். வரிசையில் நின்ற இரண்டு பெண்கள் திரும்பிப் பார்த்தார்கள். நறுமுகைக்குக் காது சுட்டது.

"நூற்று எண்பது" என்றது செவ்வந்தியின் மோதிரம்.

"அம்மா, நீயும் கேளு. ஒரு தடவைதான்."

"எனக்கு ஒண்ணும் வேண்டியதில்ல. உன்ற அம்மிச்சியையே கேக்கச் சொல்லு" என்று சொல்லிவிட்டு நறுமுகை முன்னால் நடந்தாள். பின்னால் அம்மா, "போகட்டும் உடு கண்ணு" என்று சொன்னது, அவளுக்கு எரிகிற இடத்தில் உப்பைத் தடவியது போலிருந்தது.

இந்த ஞாயிற்றுக்கிழமைதான் செவ்வந்தி முதன்முறையாக வாரம் முழுவதற்கும் கணக்குப் பார்த்தாள். துணியை மடித்துக்கொண்டிருந்த நறுமுகையின் காதில், உள்ளேயிருந்த சிரிப்பு நின்றது விழுந்தது. சற்று நேரத்தில் மகள் கதவருகே வந்து நின்றாள்.

"அம்மா, கொஞ்சம் வாயேன். கணக்கு ஒதைக்குது."

மூன்று மாதத்தில் முதல் அழைப்பு. நறுமுகை போனாள்.

தரையில் பட்டன்கள் வரிசையாக இருந்தன. "திங்கக்கெழம நாப்பத்தெட்டாயிரத்தி முன்னூறு இருந்துச்சு. பால், காய், தண்ணி, கரண்டு, பஸ்ஸு எல்லாம் ஒம்பதாயிரத்தி எட்டுநூத்தி நாப்பது. முப்பத்தெட்டாயிரத்தி நானூத்தி அறுவது இருக்கணும். மோதரம் இருவத்தஞ்சாயிரத்தி நூத்தி அறுவதுங்குது." அவள் பதின்மூன்று கறுப்பையும் மூன்று நீலத்தையும் எடுத்துத் தனியே வைத்தாள். "இது காணோம்."

"திருடன் வந்தானாக்கும்?" என்றாள் நறுமுகை. குரல் அவள் நினைத்ததைவிடக் கூர்மையாக வந்தது. "உனக்குத்தான் வாங்கினேன். மழைச்சட்ட, செருப்பு, சாக்லேட்டு. உன்ற அம்மிச்சி கணக்குச் சொல்லிக் குடுப்பா. நான் வேறென்ன குடுக்கறது?"

செவ்வந்தி தன் மோதிரத்திடம் ஒவ்வொன்றாக விலை கேட்டாள்; நறுமுகை கொடுத்த தொகையையும் கேட்டாள். மழைச்சட்டை மூவாயிரத்து நானூறு. நறுமுகை கொடுத்தது நாலாயிரத்து எண்ணூற்று அறுபது. காலணி ஐயாயிரத்து ஐநூறு. கொடுத்தது ஏழாயிரத்து இருநூற்று ஐம்பது. சாக்லேட் எண்ணூற்று ஐம்பது. கொடுத்தது ஆயிரத்து நூற்றுத் தொண்ணூறு.

"மூவாயிரத்தி ஐநூத்தி அம்பது ஜாஸ்தி. என்ற கணக்குல அஞ்சரக் காலைக் காளானும்மா."

ஆளறி விலை என்று ஒன்று உண்டென நறுமுகைக்குத் தெரியும். பள்ளிக்கூடத்தில் ஒரு பாடமாகவே வந்தது. ஆளுக்கேற்றபடி அல்காரிதம் விலையைக் கூட்டிக் குறைக்கும், ஏழைகளுக்கு நல்லது என்று படித்த ஞாபகம். தனக்கு என்ன விலை என்று அவள் கேட்டதேயில்லை.

"ஆனா பாலு மட்டும் நம்ம ரெண்டு பேருக்கும் ஒரே வெலைதான்மா. காலைல நீ வாங்கறது எல்லாமே ஒண்ணுதான். இந்த மூணுதான் ஏறிருக்கு. மூணும் ஏழு மணிக்கு மேல." செவ்வந்தி நிமிர்ந்தாள். "அப்ப நாங்க இங்க பட்டன் எண்ணிட்டிருப்போம். நீ என்னம்மா பண்ணிட்டிருப்பே?"

துணி மடித்துக்கொண்டிருப்பேன் என்று சொல்ல வாயெடுத்தாள். கை மோதிரத்துக்குப் போனது.

அம்மா நறுமுகையின் கையைப் பிடித்து, மோதிரம் இருந்த விரலைத் திருப்பிப் பார்த்தாள். "எங்க காலத்துல சந்தக்காரன் மொகத்தப் பாத்து வெல சொல்லுவான். இது நாடியப் பாத்துச் சொல்லுது. நீ அங்க உக்காந்து வெந்திட்டிருந்தது எனக்குத் தெரியல நறு. இதுக்குத் தெரிஞ்சிருக்குது."

"எனக்கு ஏன் சொல்லித் தரலே?" என்று கேட்டாள் நறுமுகை. "கைமடி வேலைக்குப் போனது, நூத்தி இருவது ரூவா. எதுவுமே ஏன்மா எங்கிட்டச் சொல்லல?"

அம்மா ஒரு வெள்ளைப் பட்டனை விரலிடுக்கில் உருட்டினாள். "நீ பொறந்தப்பதான் ஓடை வந்துச்சு. என்ற புள்ள ஒத்த ரூவாய எண்ண வேண்டியதில்லன்னு அன்னிக்கு நான் அழுதேன், சந்தோசத்துல. எண்ணுறது இல்லாதவங்க வேலன்னு நெனச்சிட்டேன். நம்ம கையில இருந்தது அது ஒண்ணுதான்னு அப்பத் தெரியல."

அந்த நேரம் பார்த்து நறுமுகையின் மோதிரம் மெல்லப் பேசியது. "செவ்வந்திக்கு முத்துக் கம்மல் ஒன்று வந்திருக்கிறது. அனுப்பட்டுமா?"

மூவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். நறுமுகை வாழ்க்கையில் முதல்முறையாக அதைச் சொன்னாள். "வெல சொல்லு."

"இரண்டாயிரத்துத் தொள்ளாயிரத்து நாற்பது."

செவ்வந்தியின் மோதிரத்தில் இரண்டாயிரத்து நூறு. அம்மிச்சியின் மோதிரத்தில் ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எண்பது.

"ஒண்ணும் பண்ணாம இப்படியே உக்காரும்மா" என்று செவ்வந்தி நகர்ந்து வந்து, பழைய வழக்கப்படி அவள் தோளில் தாடையைப் பதித்துக்கொண்டாள். தலைமுடியில் பண்ணையின் ஈரவைக்கோல் வாசம் இன்னும் ஒட்டியிருப்பது போலிருந்தது. நறுமுகை அவள் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். காளான் பறித்த விரல்நுனி காய்த்திருந்ததை இப்போதுதான் தொட்டுப் பார்க்கிறாள். "வலிக்குதா?" என்றாள். "மொதல் நாளு ரொம்ப வலிச்சுது, உங்கிட்டச் சொல்லலாம்னுதான் வந்தேன்" என்று ஆரம்பித்து, அந்தப் பத்து நாளையும் மகள் தன் காதுக்குள் சொல்லத் தொடங்கினாள். ஈரத்தில் வழுக்கி விழுந்தது, மேஸ்திரி திட்டியது, மேஸ்திரியின் மீசை. இருவருக்கும் சிரிப்பு அடங்கவில்லை.

அம்மா பட்டன்களை டப்பாவுக்குள் ஒவ்வொன்றாகப் போட்டுக்கொண்டிருந்தாள்.

"இப்பக் கேளும்மா" என்றாள் செவ்வந்தி.

"இரண்டாயிரத்து நூற்று முப்பது."

"எறங்கிருச்சு!" மகள் கைதட்டினாள். பிறகு குறும்போடு தலையைத் திருப்பினாள். "அம்மிச்சி, நீங்களும் கேளுங்க."

"எனக்கெதுக்கு? நான் கெழவி, எனக்கெல்லாம் மாறாது."

"கேளுங்களேன்."

அம்மா மோதிரத்தை வாயருகே கொண்டுபோய், யாருக்கும் கேட்காதபடி முணுமுணுத்தாள். மோதிரத்துக்கு அந்த நாகரிகமெல்லாம் தெரியாது. உரக்கவே சொன்னது.

"இரண்டாயிரத்து அறுநூற்றுப் பத்து."

நறுமுகை அம்மாவைப் பார்த்தாள். அம்மா டப்பாவைப் பார்த்தாள். பிறகு நறுமுகை மகளை விட்டு எழாமல், ஒரு கையை மட்டும் நீட்டி, அம்மாவின் புடவைத் தலைப்பைப் பிடித்துத் தன் பக்கம் இழுத்தாள்.

"இங்க வந்து உக்காரு. கொட்டு அந்தப் பட்டன. நான் ஒண்ணுலருந்து ஆரம்பிக்கணும்."