முடியாத செவ்வாய்க்கிழமை

டமார்!

பேருந்தின் பின்சக்கரம் வெடித்தது. தூங்கிக்கொண்டிருந்த எழிலன் துள்ளி எழுந்தான்.

“அக்கா, சிதம்பரம் வந்துடுச்சா?”

“டயருடா. இன்னும் புதுச்சத்திரமே தாண்டல.”

ஆறாம் வகுப்புக் கயல்விழி, கடலூரிலிருந்து கதைசொல்லும் போட்டிக்குப் போகிறாள். துணைக்கு அப்பாவும் தம்பியும். கதை கையில் இருந்தது; முடிவுதான் இல்லை.

எல்லோரும் இறங்கி நின்றார்கள்.

“கதைய மறுபடி சொல்லு,” என்றான் எழிலன்.

“பொன்னிக்கு ஒரே செவ்வாக்கெழம திரும்பத் திரும்ப வருது. யாருக்கோ ஒரு வேல பாதியில நின்னுபோச்சு. அது முடியற வரைக்கும் நாளும் முடியாது. மாட்டிக்கிட்டவங்களுக்கு மட்டும்தான் பழைய சுத்து ஞாபகம் இருக்கும். மத்தவங்க, பொன்னி எதையும் மாத்தலன்னா, அதே பேச்சத்தான் பேசுவாங்க.”

“ஜாலி! தெனம் இட்லி.”

“ஒவ்வொரு சுத்துலயும் ஒருத்தர் அவள அடியோட மறந்துடுவாங்க. பக்கத்து வீடு, தோழி, தம்பி… அடுத்தது அம்மா.”

எழிலனின் சிரிப்பு நின்றது. “தம்பியுமா? எல்லாம் கனவுன்னு முடிச்சிடு.”

“அது ஏமாத்து வேல.”

“மந்திரவாதி வரட்டும்.”

“மொதல்லேர்ந்து இல்லாத ஆளு கடைசியில வந்து காப்பாத்தினா, கேக்கறவங்க அடிக்க வருவாங்க.”

வேறொரு பேருந்து வந்து தள்ளி நின்றது. “சீக்கிரம்! சீக்கிரம்!” என்று எல்லோரும் ஓடினார்கள். இடம்பிடிக்க அப்பா முன்னால் ஓடினார்.

வழியில் மீன் கூடையோடு ஓர் அம்மாள். நிறைந்த கூடையைத் தனியாளாகத் தலைக்கு ஏற்ற முடியாது. யாராவது கைகொடுக்க வேண்டும்.

“ஒரு கை குடு, கண்ணு.”

கயல்விழி தாண்டி ஓடினாள்.

“ஒரு கை, தம்பி… நீங்களாவது நில்லுங்களேன்!”

சட்டென்று கயல்விழி நின்றாள். ஓடுகிறவர்கள் எல்லோரும் ஒரே சொல்லையே சொன்னார்கள். அந்த அம்மாளின் பேச்சு மட்டும் மாறிக்கொண்டே இருந்தது.

அவள் திரும்பி ஓடிவந்து கூடையைத் தூக்கிவிட்டாள். மீன்தண்ணீர் புதுப்பாவாடையில் வழிந்தது. பேருந்து மெல்ல நகர்ந்தது.

“யோவ் டிரைவரு! புள்ளைங்க வருது, கண்ணு தெரியல?” என்று அந்த அம்மாள் போட்ட சத்தத்தில் அது அப்படியே நின்றது.

“முடிவு கெடச்சிடுச்சு!” என்றாள் கயல்விழி, பேருந்தில் ஏறி உட்கார்ந்து மூச்சுவாங்க. “பொன்னி தன் வேலதான் நின்னுபோச்சுன்னு நெனச்சி, தெனம் பஸ்ஸ புடிக்க ஓடறா. மொத சுத்துலயே ஒரு மீன்காரம்மா ‘ஒரு கை குடு’ன்னு கேக்கறாங்க. அடுத்த சுத்துல, ‘இன்னிக்காவது ஒரு கை குடு’ன்னு.”

“பொன்னி எதையும் மாத்தலயே! அப்புறம் எப்படிப் பேச்சு மாறும்?” என்றவன், வாயைப் பிளந்தான். “அக்கா!”

“உஷ். அங்க வந்து கேளு.”

சிதம்பரத்தில், லேசான மீன்வாசனையோடு மேடை ஏறினாள் கயல்விழி. பொன்னியின் அம்மா மறக்கப்போகிற சுற்று வந்தபோது, முன்வரிசைக் குழந்தைகள் நாற்காலி நுனிக்கே வந்துவிட்டார்கள். பொன்னி பேருந்தை விட்டுவிட்டு நின்றாள், கூடைக்குக் கைகொடுத்தாள்.

கயல்விழி குரலைத் தாழ்த்தினாள்.

“அந்த மீன்காரம்மா பெருமூச்சு விட்டுச் சொன்னாங்க: ‘எத்தினி செவ்வாக்கெழமடி ஒன்னக் கூப்புடறது? நானும்தான் மாட்டிக்கிட்டிருந்தேன்!’”