மாடி வீட்டில் ஐந்து மணி வகுப்பு

வீட்டுக்காரம்மா ஒரே சொல்லில் முடித்துவிட்டார். "வேண்டாம்."

அம்மா படியிலேயே நின்றார். பின்னால் நின்ற மிளகு, அம்மாவின் முந்தானையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். அவளுக்குப் பத்து வயது. ஆள் சிறியவள், பேச்சு காரம் என்பதால் அப்பா வைத்த பெயர் அது. அன்று அந்த மிளகுக்கே பேச்சு வரவில்லை.

அம்மா கேட்டது பெரிய விஷயம் ஒன்றும் இல்லை. மாலையில் நான்கு பிள்ளைகளுக்குத் தாங்கள் குடியிருக்கும் மாடியில் டியூஷன் எடுக்கலாமா என்றுதான் கேட்டார். அம்மா வேலை பார்த்த பள்ளிக்கூடத்தை மூடிவிட்டார்கள். வேறு ஒரு பள்ளியில் இடம் இருந்தது. ஆனால் விடிவதற்கு முன் பஸ் ஏறினால், இரவு எட்டு மணிக்குத்தான் வீடு திரும்ப முடியும். அப்படியானால் அம்மாவை ஞாயிற்றுக்கிழமைதான் முழுதாகப் பார்க்கலாம். மிளகு கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டாள். வாரத்துக்கு ஒரு அம்மா போதாது.

வீட்டுக்காரம்மா கெட்டவர் இல்லை. ஆஸ்பத்திரியில் நர்ஸ். இரவெல்லாம் வேலை பார்த்துவிட்டுக் காலையில் வருவார். மதியம் படுத்து மாலை ஆறு மணிக்கு எழுந்திருப்பார். தெருவில் எல்லோரும் அவரைச் சிஸ்டர் என்றுதான் கூப்பிடுவார்கள்.

மூலைக் கடைக்காரருக்கு இந்த விஷயம் எப்படியோ தெரிந்துவிட்டது. அவருடைய மகனும் அந்த நால்வரில் ஒருவன். அவர் ரகசியம் பேசுவதுபோலக் குனிந்து, "பேசாம ஆரம்பிச்சிடுங்க டீச்சர். கேட்டா, மக கூட விளையாட வந்த பசங்கன்னு சொல்லிக்கலாம்" என்றார்.

அம்மா தலையசைத்து மறுத்தார். வீட்டுக்கு வந்ததும் அலமாரியிலிருந்து வாடகை ஒப்பந்தத்தை எடுத்து மிளகிடம் காட்டினார். ஏழாவது வரியில் இருந்தது: வீட்டைக் குடியிருக்க மட்டுமே பயன்படுத்த வேண்டும்; வேறு எதற்கானாலும் உரிமையாளரிடம் எழுத்தில் அனுமதி பெற வேண்டும். அதன் கீழே அம்மாவின் கையெழுத்து.

"கையெழுத்துப் போட்டுட்டு மறைச்சு செய்யறது நமக்கு வேண்டாம்டி" என்றார் அம்மா.

மிளகு அந்த வரியை மூன்று முறை படித்தாள். அனுமதி கேட்கவே கூடாது என்று அதில் எங்கேயும் எழுதியிருக்கவில்லை.

மறுநாள் சிஸ்டர் எழுந்து காபி குடிக்கும் நேரம் பார்த்து, ஒரு நோட்டும் பென்சிலுமாகக் கீழே போனாள். அம்மாவிடம் சொல்லிவிட்டுத்தான் போனாள். "தொந்தரவு பண்ணாதே" என்று மட்டும் அம்மா சொல்லி அனுப்பினார்.

"ஆன்ட்டி, டியூஷன் ஏன் வேண்டாம்னு சொன்னீங்க? கோபமா கேக்கலை. தெரிஞ்சுக்கத்தான் கேக்கறேன்."

சிஸ்டர் அவளை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு நாற்காலியைக் காட்டினார். முன்பு மாடியில் குடியிருந்தவரும் நாலு பிள்ளைகள் என்றுதான் ஆரம்பித்தாராம். நாலு எட்டாகி, எட்டு இருபதாகியிருக்கிறது. வாசலில் பெரிய போர்டு. கேட்டை மறைத்து சைக்கிள்கள். படியெல்லாம் செருப்பு. தலைக்கு மேலே நாற்காலி இழுக்கும் சத்தம். ஒரு மாதம் சரியான தூக்கம் இல்லாமல் வேலைக்குப் போனேன் என்றார் சிஸ்டர்.

"நான் தூங்காம போய் ஊசி மாத்திப் போட்டுட்டா, யாருக்குக் கஷ்டம் சொல்லு?"

மிளகு அத்தனையையும் எழுதிக்கொண்டாள். மாத்திப் போட்டால் யாருக்குக் கஷ்டம் என்பதையும் எழுதிக்கொண்டாள். சிஸ்டருக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

அன்று இரவுச் சாப்பாட்டுக்கு முன்பே அம்மாவும் மகளும் உட்கார்ந்து கடிதம் எழுதினார்கள். "தயவுசெய்து அனுமதி தாருங்கள்" என்று அம்மா தொடங்கினார். அது மட்டும் போதாது என்றாள் மிளகு. சிஸ்டர் சொன்ன ஒவ்வொன்றுக்கும் பதில் வேண்டுமே. அதனால் எத்தனை பிள்ளைகள், அவர்கள் பெயர் என்ன, வாரத்தில் எந்த ஐந்து நாள் என்று எழுதினார்கள். பெற்றோர் வேலை முடிந்து கூட்டிப்போக வரும் நேரத்துக்கு ஏற்ப, ஐந்து மணியிலிருந்து ஆறரை வரை வகுப்பு. போர்டு கிடையாது. நால்வரும் நடந்தே வருவார்கள். செருப்பை மாடியில் கதவுக்கு உள்ளே வைப்பார்கள். முதலில் ஒரு மாதம் மட்டும். பிடிக்கவில்லை என்றால் நிறுத்திவிடுகிறோம்.

மிளகு கொண்டுபோய்க் கொடுத்த கடிதத்தைச் சிஸ்டர் இரண்டு தடவை படித்தார். "சத்தம்? அதுக்கு என்ன பதில்?" என்றார்.

"ஒரு நாள் நடத்திப் பாக்கலாமா ஆன்ட்டி? உங்க லீவு நாள்ல?"

வியாழக்கிழமை சிஸ்டருக்கு விடுமுறை. நான்கு பிள்ளைகளும் பூனைபோலப் படியேறினார்கள். அம்மா முன்னறையில் மேஜை நாற்காலி போட்டு வகுப்பைத் தொடங்கினார். மிளகு கீழே சிஸ்டரின் படுக்கையறையில், கட்டிலுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து காதைத் தீட்டிக்கொண்டாள். சிஸ்டர் சமையலறையில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தார்.

அரை மணி நேரம் கழித்துக் கையைத் துடைத்துக்கொண்டே வந்தார். "எனக்கு ஒண்ணும் கேக்கலையே. பரவாயில்லை போலிருக்கே."

ஆமாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். அனுமதி கிடைத்துவிடும். அம்மா பஸ் ஏற வேண்டாம். வாய் வரை வந்துவிட்டது அந்த வார்த்தை.

ஆனால் அவள் கண் கட்டிலின் மேல் போயிற்று. தலையணை ஒரு பக்கம் பள்ளமாக இருந்தது. நாளைக்கு அதில்தானே சிஸ்டர் படுப்பார்.

"எனக்குக் கேட்டுச்சு ஆன்ட்டி," என்றாள் மெதுவாக. "நாற்காலி நாலு தடவை இழுத்தாங்க. ஏழாம் வாய்ப்பாடு முழுசா கேட்டுச்சு. கடைக்காரர் பையன் ஏழெட்டு ஐம்பத்தி நாலுன்னு தப்பா சொன்னதுகூடக் கேட்டுச்சு. நீங்க தண்ணியத் திறந்து வெச்சிருந்தீங்க, அதான் உங்களுக்குக் கேக்கலை."

சிஸ்டர் கட்டிலில் உட்கார்ந்தார். "நீ சொல்லலைன்னா எனக்குத் தெரிஞ்சிருக்காதே."

"நாளைக்குத் தெரிஞ்சிருக்கும்ல ஆன்ட்டி."

மிளகு அதோடு விடவில்லை. மாடிக்கு ஓடினாள். முன்னறைதான் சரியாகக் கட்டிலுக்கு மேலே இருக்கிறது. பின்னறைக்குக் கீழே இருப்பது சாமான் அறை என்று அம்மாவிடம் சொன்னாள். எல்லோரும் பின்னறைக்கு இடம் மாறினார்கள். நாற்காலி போய்ப் பாய் வந்தது. வாய்ப்பாடும் வாசிப்பும் ஆறு மணிக்குப் பிறகு; அதுவரை எழுத்துக் கணக்கு மட்டும் என்று அம்மா முறையை மாற்றினார்.

மிளகு திரும்ப வந்து அதே இடத்தில் உட்கார்ந்தாள். இந்த முறை குழாய் மூடியிருந்தது; சிஸ்டர் கட்டிலிலேயே படுத்துக் கண்ணை மூடினார். கடிகாரம் மட்டும் கேட்டது. ஐந்து நிமிடம் ஆயிற்று. பத்து நிமிடம் ஆயிற்று. மிளகு எட்டிப் பார்த்தாள். சிஸ்டர் லேசாகக் குறட்டை விட்டுக்கொண்டிருந்தார்.

எழுந்ததும் பேனாவைக் கேட்டார். கடிதத்தின் கீழே தன் நிபந்தனைகளையும் எழுதினார். பின்னறை மட்டும். ஐந்து பிள்ளைகளுக்கு மேல் கூடாது. முதல் மாதம் சரியாகப் போனால் தொடரலாம். அதன்பின் நிறுத்தச் சொல்வதானால் ஒரு மாதம் முன்னால் சொல்வேன். அதையே அம்மா இன்னொரு பிரதி எழுத, இரண்டிலும் இருவரும் கையெழுத்திட்டார்கள். ஒன்றை அம்மா வாடகை ஒப்பந்தத்தோடு சேர்த்துக் குத்தி வைத்தார்.

"அஞ்சுன்னு எழுதியிருக்கீங்களே, நாலு பேர்தானே வர்றாங்க சிஸ்டர்?" என்று கேட்டார் அம்மா.

"உங்க மகளை எண்ண வேண்டாமா?"

திங்கட்கிழமை ஐந்து மணிக்குப் பின்னறையில் ஐந்து பேர் பாயில் உட்கார்ந்தார்கள். மிளகு வகுப்புக்கே தலைவிபோல நிமிர்ந்து உட்கார்ந்து, யார் வாயைத் திறக்கிறார்கள் என்று ஒவ்வொருவரையும் முறைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். அம்மா அவள் நோட்டைப் புரட்டினார். ஒரு கணக்குகூடப் போட்டிருக்கவில்லை.

அந்த வகுப்பில் முதல் திட்டு வாங்கியவள் மிளகுதான். அதுவும், கீழே கேட்காத குரலில்.