அமாவாசை தெரியாத வண்டு

ஆட்டையாம்பட்டியில் கந்தப்பன், காளியாத்தாள் வீட்டுக்கு வண்டு வந்த முதல் நாள், அதற்கு எதுவுமே தெரியாது. சுவர் எங்கே இருக்கிறது என்றுகூடத் தெரியாது.

வண்டு ஒரு ரோபோ. பெங்களூரில் வேலை பார்க்கும் அவர்கள் மகன் ஜெகதீஸ்வரன் வாங்கி அனுப்பியது. தோசைக்கல் அளவு வட்டம், அடியில் இரண்டு சக்கரம், ஒரு தூரிகை. தலையில் ஒரு குட்டிக் கோபுரம் சுற்றிக்கொண்டே இருக்கும். அதிலிருந்து கண்ணுக்குத் தெரியாத ஒளி போய், எதிரில் உள்ள பொருளில் பட்டுத் திரும்பும். அதை வைத்து வண்டு தூரத்தை அளக்கும். அளந்து அளந்து, தனக்குள் ஒரு வரைபடம் வரையும்.

முதல் நாளே வரைபடம் தயார். நான்கு அறைகள், பதினாறு நாற்காலிக் கால்கள், ஒரு பீரோ.

வாசலில் ஒரு பள்ளம். வண்டின் வயிற்றில் இருந்த உணரிகள் கீழே தரை இல்லை என்று சொன்னதும் அது சட்டென்று பின்வாங்கியது. ஆனால் மாடிப்படி அதற்கு மாடிப்படியாகத் தெரியவில்லை. முதல் படி அதைவிட உயரம். அதனால் அங்கே ஒரு சுவர் என்று வரைந்துகொண்டது.

மனிதர்களையும் வண்டு முழுதாகப் பார்த்ததில்லை. அதன் கேமரா தரையிலிருந்து நான்கு விரல் உயரத்தில் இருந்தது. மெட்டி போட்ட கால்கள் காளியாத்தாள். பெருவிரல் வளைந்த கால்கள் கந்தப்பன். அவ்வளவுதான்.

பேச்சுத்தான் பெரிய சிக்கல்.

"வண்டு, ஊட்டக் கூட்டு சாமி" என்றார் காளியாத்தாள்.

"எந்த எண்களைக் கூட்ட வேண்டும்?" என்று கேட்டது வண்டு.

"எண்ணா? சரி, பெருக்கு."

"எந்த எண்ணால் பெருக்க வேண்டும்?"

பக்கத்து வீட்டுத் தனப்பிரியா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். அவள் ஐந்தாம் வகுப்பு. அவள் அப்பா முருகானந்தம் வீட்டுக்குப் பின்னாலேயே விசைத்தறி ஓட்டுகிறார். நாள் முழுக்க அந்தத் தறிகளின் சத்தம் இரண்டு வீட்டிலும் கேட்கும்.

"ஆத்தா, அதுக்குப் பொஸ்தகத் தமிழ்தான் தெரியுமாட்ட இருக்குது. நாம பேசறத நான் பழக்கறனுங்க" என்று தனப்பிரியா டேப்லெட்டை எடுத்தாள். அதில் வண்டின் செயலி இருந்தது. 'ஊட்டக் கூட்டு' என்றால் சுத்தம் செய் என்று பதிந்தாள். காளியாத்தாள் ஐந்து தடவை சொல்ல, வண்டு அவர் குரலைக் கேட்டுப் பழகியது.

அதன் பிறகு வண்டு மெல்ல மெல்ல வீட்டைப் படித்தது.

அது படித்த விதம் இதுதான். ஒரு நாளை அரை மணி நேரத்துக்கு ஒரு கட்டமாகப் பிரித்துக்கொண்டது. எந்தக் கட்டத்தில் என்ன நடந்தது என்று ஒவ்வொரு நாளும் ஒரு கோடு போட்டது. ஆறு மணிக்கு மெட்டிக் கால்கள் அடுப்படியில், ஒரு கோடு. ஏழு மணிக்கு வளைந்த விரல் கால்கள் நாற்காலிக்கு அடியில், மேலே செய்தித்தாள் சரசரப்பு, ஒரு கோடு. எட்டரைக்குத் தட்டுச் சத்தம், ஒரு கோடு.

ஒரு கோடு விழுந்தால் வண்டு அதை நம்பாது. இருபது நாளில் பத்தொன்பது கோடு விழுந்தால், அது வழக்கம் என்று வைத்துக்கொள்ளும்.

ஏன் என்பது மட்டும் அதற்குத் தெரியாது. செய்தித்தாள் நேரத்தில் வண்டு ஓடினால், "அட, காத கொடையாத போ" என்பார் கந்தப்பன். நான்கு நாள் அப்படிச் சொன்ன பிறகு, ஏழு மணிக் கட்டத்தில் வண்டு கூடத்தை விட்டுவிட்டு அடுப்படியைக் கூட்டியது.

"பாத்தியா, எனக்கு மருவாதி குடுக்குது!" என்றார் கந்தப்பன்.

"நீங்க மொறைச்சா எதுதான் நிக்கும்?" என்றார் காளியாத்தாள்.

இருபத்தேழாம் நாள் காலையில் எல்லாம் தப்பாகிப் போனது.

ஏழு மணிக்கு நாற்காலிக்கு அடியில் கால்கள் இல்லை. எட்டரைக்குத் தட்டுச் சத்தம் இல்லை. மெட்டிக் கால்கள் ஆறு மணியிலிருந்து அடுப்படியை விட்டு நகரவில்லை. பன்னிரண்டரை ஆகியும் யாரும் சாப்பிட உட்காரவில்லை.

வண்டு தன் கோடுகளைப் பார்த்தது. இப்படி ஒரு நாள் அதில் இல்லவே இல்லை. வழக்கம் மாறினால் செய்தி அனுப்பு என்று ஜெகதீஸ்வரன் அமைத்திருந்தார். வண்டு அனுப்பியது: "காலை உணவு இல்லை. மதிய உணவு இல்லை. உடனே கவனிக்கவும்."

பெங்களூரில் ஜெகதீஸ்வரனுக்குத் தூக்கிவாரிப் போட்டது. அப்பாவைக் கூப்பிட்டார். எடுக்கவில்லை. அம்மாவைக் கூப்பிட்டார். அவரும் எடுக்கவில்லை. முருகானந்தத்தைக் கூப்பிட்டார்.

முருகானந்தம் தறிகளை நிறுத்திவிட்டு ஓடினார். பின்னால் தனப்பிரியா ஓடினாள். தறி ஓட்டும் நான்கு பேர் ஓடினார்கள். எல்லாரும் கொல்லைப்புறக் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே பாய்ந்தார்கள்.

அங்கே கந்தப்பன் கையில் வாழை இலையோடு நின்றுகொண்டிருந்தார். இலையில் சோறு, பருப்பு, வடை. மதில்மேல் ஒரு காக்கை அப்போதுதான் வந்து உட்கார்ந்திருந்தது.

ஆறு பேரின் சத்தம் கேட்டதும், காக்கை பறந்தே போய்விட்டது.

"அய்யோ!" என்று கத்தினார் காளியாத்தாள். "அமாவாசைக்குக் காக்காய்க்கு வெக்காம நாங்க எப்படிச் சாப்புடறது? அரை மணி நேரமாக் கூப்புட்டு இப்பத்தான் வந்துது!"

விஷயம் தெரிந்ததும் முருகானந்தம் தலையைச் சொறிந்தார். மீண்டும் காக்கை வர மணி ஒன்றே முக்கால் ஆனது. அதுவரை எல்லாரும் மூச்சுக்கூட விடாமல் நின்றார்கள்.

சாப்பிட்டு முடித்ததும் காளியாத்தாள் வண்டின் அட்டைப்பெட்டியைத் தேடி எடுத்தார்.

"இத அனுப்பிச்சுப் போடுங்க. ஊருக்கே தம்பட்டம் அடிக்கிற சாமான் எனக்கு வேண்டாம்."

"ஆத்தா, ஒரு நிமிசமுங்க" என்றாள் தனப்பிரியா. அவள் டேப்லெட்டில் வண்டு போட்ட கோடுகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள். "இது வந்து இருபத்தேழு நாளுத்தான் ஆவுது. இதுக்குள்ள இன்னைக்குத்தானுங்க மொத அமாவாசை. கெழமை தெரியுது, மணி தெரியுது. அமாவாசைன்னா என்னன்னு யாருமே சொல்லலியே?"

கந்தப்பன் சுவரில் இருந்த நாள்காட்டியைக் கழற்றி அவளிடம் கொடுத்தார். தனப்பிரியா அடுத்த அமாவாசை நாட்களை எல்லாம் செயலியில் ஏற்றினாள். அந்த நாட்களுக்கு வண்டு வேறு கட்டங்களில் தனியாகக் கோடு போடும்.

பிறகு கந்தப்பன் பக்கம் திரும்பினாள்.

"அப்பாரு, இதுக்குச் சந்தேகம் வந்தா மொதல்ல யாரைக் கேக்கோணும்?"

"எங்களைத்தான் கேக்கோணும்."

"அதானுங்க! பெங்களூருக்குச் சொல்றதுக்கு முன்னால இங்கயே மூணு தடவ கூப்புடட்டும். பதில் இல்லைன்னா எங்க ஊட்டுக்குச் சொல்லட்டும். நாங்களும் பாக்கலைன்னா அப்பறம் பெங்களூரு."

ஜெகதீஸ்வரனிடம் போனில் கேட்டு, அப்படியே மாற்றினாள். காளியாத்தாள் பெட்டியைக் கீழே வைத்தார். ஆனால் பரணில் ஏற்றவில்லை. "பாக்கலாம்" என்றார்.

மூன்று வாரம் கழித்து ஒரு சனிக்கிழமை. காளியாத்தாள் சொந்தக்காரர் வீட்டுக் காதுகுத்துக்குச் சேலம் போயிருந்தார். கந்தப்பன் மட்டும் வீட்டில்.

பத்து மணிக்கு, வளைந்த விரல் கால்கள் வண்டின் எதிரே நடந்து, படிக்கட்டு என்ற சுவருக்குள் போயின. வண்டுக்கு இதில் வியப்பில்லை. அவை தினமும் சுவருக்குள் போகும், எட்டு நிமிடத்தில் சுவரிலிருந்து திரும்பி வரும். ஒரே ஒரு நாள் பதினாறு நிமிடம் ஆனது. அதுதான் அதிகம்.

எட்டு நிமிடம் ஆனது. பதினாறு ஆனது. வண்டு காத்திருந்தது. முப்பத்திரண்டு ஆனது. அதிக நேரத்தைப் போல இரண்டு மடங்கு. இப்போது கேட்கலாம்.

"ஐயா, இருக்கிறீர்களா?"

பதில் இல்லை. வண்டு நான்கு அறைகளுக்கும் போனது. தன் கேமராவுக்குத் தெரியாமல் திரும்பி வந்திருக்கலாம் அல்லவா? நாற்காலிக்கு அடியில் கால்கள் இல்லை. நாற்காலிமேல் போன் அடித்து அடித்து ஓய்ந்தது. யாரும் எடுக்க வரவில்லை.

"ஐயா, இருக்கிறீர்களா?" சத்தத்தைக் கூட்டியது. பிறகு மூன்றாம் முறை, தன்னால் முடிந்த அளவு உரக்க.

தறிச் சத்தம் மட்டும் கேட்டது.

பக்கத்து வீட்டில் தனப்பிரியாவின் டேப்லெட் சிணுங்கியது. "ஐயா சுவருக்குள் போய் முப்பத்தெட்டு நிமிடம். மூன்று முறை கேட்டேன். பதில் இல்லை."

தனப்பிரியா ஓடி வந்தாள். "வண்டு, எங்க?"

வண்டு படிக்கட்டின் எதிரே போய் நின்றது. அதற்கு அப்பால் அதன் வரைபடம் இல்லை. தனப்பிரியா குனிந்து பார்த்தாள். முதல் படியில் கந்தப்பனின் செருப்பு கிடந்தது.

இரண்டிரண்டு படியாகத் தாவி ஏறினாள். மாடிக் கதவு சாத்தியிருந்தது. காற்று அடித்துச் சாத்தியதில், உள்பக்கம் தொங்கிய கொக்கி தானாகவே வளையத்தில் விழுந்திருந்தது. அவள் அதைத் தூக்கிவிட்டுக் கதவைத் திறந்தாள்.

தண்ணீர்த் தொட்டியின் சின்ன நிழலில், காலை மடக்கி, தலையில் துண்டோடு கந்தப்பன் உட்கார்ந்திருந்தார். முகம் சிவந்து வேர்த்துக் கொட்டியது. காயப் போட்ட நிலக்கடலை சுற்றிலும் பரந்து கிடந்தது.

"வந்துட்டியா சாமி!" அவர் குரல் கரகரத்தது. "கத்திக் கத்தித் தொண்டையே போச்சு. இந்தத் தறிச் சத்தத்துல யாருக்குக் கேக்குது? தரை கொதிக்குது, கால வெக்க முடியல. கொஞ்ச நேரத்துக்கு முன்னால கிறுகிறுன்னு வந்துருச்சு."

தனப்பிரியா கீழே ஓடிச் செருப்பையும் ஒரு சொம்பு மோரையும் கொண்டு வந்தாள். அவர் ஒரே மூச்சில் குடித்தார். அவள் தோளைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு படியாக இறங்கினார்.

கீழே வண்டு அதே இடத்தில் நின்றுகொண்டிருந்தது. வளைந்த விரல் கால்கள் சுவரிலிருந்து வெளியே வந்தன. அது ஒரு கோடு போட்டது.

"ஐயா வந்துவிட்டார்" என்று அறிவித்தது.

"ஆமாங்க, வந்துட்டனுங்க!" என்று கந்தப்பன் அதைப் பார்த்துக் கும்பிட்டார். தனப்பிரியாவுக்குச் சிரிப்பு தாங்கவில்லை.

மாலை ஆறு மணிக்குக் காளியாத்தாள் வந்து எல்லாம் கேட்டார். கணவரின் உள்ளங்காலைத் தொட்டுப் பார்த்தார். தனப்பிரியாவைக் கட்டிக்கொண்டு, காதுகுத்து வீட்டு லட்டு இரண்டையும் அவளுக்கே கொடுத்தார். அட்டைப்பெட்டியை எடுத்துப் பரணில் ஏற்றினார். பிறகு அடுப்படி வாசலில் உட்கார்ந்து, வண்டைப் பக்கத்தில் இழுத்து, சேலைத் தலைப்பால் அதன் கேமராவைத் துடைத்துவிட்டார்.

வண்டுக்கு இது என்னவென்று தெரியவில்லை. 'கேமராவில் தூசி குறைந்தது' என்று மட்டும் குறித்துக்கொண்டது. ஒரு கோடு.

மறுநாளும் ஆறு மணிக்கு அவர் துடைத்தார். அதற்கு மறுநாளும் துடைத்தார். கோடுகள் கூடிக்கொண்டே போயின.

இருபத்தோராம் நாள், ஆறு மணி அடிக்க ஒரு நிமிடம் இருக்கும்போதே, வண்டு கூடத்தைக் கூட்டுவதைப் பாதியில் விட்டுவிட்டுப் போய் மெட்டிக் கால்களின் எதிரே நின்றது.

"வாரேன், வாரேன், அவசரத்தைப் பாரு!" என்று சொல்லிக்கொண்டே காளியாத்தாள் தலைப்பை எடுத்தார்.