எட்டாம் மாதத்தின் இரண்டாம் பௌர்ணமி

தொண்டியிலிருந்து சல்மா வந்து சேர்ந்தபோது கீழக்கரைப் பள்ளிவாசலில் அஸர் தொழுகைக்குப் பாங்கு சொல்லிக்கொண்டிருந்தார்கள். ஒன்பது மாத வயிற்றோடு வில்வண்டியை விட்டு இறங்க அவள் படாத பாடு பட்டாள். உம்மா காலிதா ஓடிப்போய்க் கைத்தாங்கலாக உள்ளே அழைத்து வந்தாள்.

"ஏழாம் மாசமே கூட்டிட்டு வந்திருக்கணும். உங்க வாப்பாதான் நாளைக் கடத்திக்கிட்டே இருந்தாக" என்றாள் காலிதா.

வாசலில் நின்ற ஜெய்னுலாபுதீன் சிரித்து மழுப்பினார். தலைப்பிரசவத்துக்கு வரும் மகளை எந்தத் தகப்பனாவது தள்ளிப் போடுவானா? அவர் தள்ளிப் போட்டார். அதற்குக் காரணம் இருந்தது. காரணத்தைச் சொல்லத்தான் அவருக்கு வாய் இல்லை.

பினாங்கில் அவருக்கு இன்னொரு குடித்தனம் இருந்தது. ஆ லான் என்ற சீனப்பெண். தகப்பன் விட்டுப்போன பலகாரக்கடையை ஒற்றையாளாக நடத்தியவள். வருஷா வருஷம் அவர்களுடைய எட்டாம் மாதம் பதினைந்தாம் நாள், பௌர்ணமி எழும் நேரத்தில், மொட்டைமாடியில் வட்டமேசை போடுவாள். பம்பளிமாஸ் பழம், வேகவைத்த சேப்பங்கிழங்கு, தேநீர், ஊதுபத்தி, காகித விளக்கு, நடுவில் வட்டமான நிலாப் பலகாரம். மற்றவர்கள் பன்றிக் கொழுப்பில் செய்வதை இவள் அவருக்காகக் கடலை எண்ணெயில் செய்வாள். உள்ளே தாமரை விதை விழுது. அதற்கும் நடுவே உப்பில் ஊறிய வாத்து முட்டையின் மஞ்சள் கரு. நிலாவைப் பெண்கள்தான் கும்பிட வேண்டும் என்று அவரைத் தள்ளி உட்காரச் சொல்லிவிட்டு, கும்பிட்டு முடித்துக் கத்தியை எடுப்பாள். குடும்பத்தில் எத்தனை பேரோ அத்தனை துண்டு. ஒன்று கூடவும் கூடாது, குறையவும் கூடாது. ஊரில் இல்லாதவர்களுக்கும் பங்கு உண்டு.

"உனக்கு ஒண்ணு. எனக்கு ஒண்ணு. உங்க ஊர் அக்காவுக்கு ஒண்ணு. சின்னப் பொண்ணுக்கு ஒண்ணு."

கண்ணால் பார்க்காத காலிதாவுக்கும் சல்மாவுக்கும் துண்டு வெட்டி வைத்த மகராசி அவள்.

அந்தக் கடையின் மேல் ஜெய்னுலாபுதீன் கண் வைத்தார். 1942இல் பினாங்கு ஜப்பான்காரன் கையில் இருந்தது. முன்னொரு காலத்தில் சீனர்கள் நிலாப் பலகாரத்துக்குள் சீட்டு வைத்து, தங்களை ஆண்ட அந்நியருக்கு எதிராகக் கலகம் மூட்டிய கதையை அவள்தான் அவருக்குச் சொல்லியிருந்தாள். அவர் அடுப்படியில் புகுந்து, வெந்த பலகாரம் ஒன்றைக் கீறி ஒரு சீட்டைத் திணித்தார். பிறகு ஜப்பான் போலீஸிடம் போய்ச் சொன்னார்.

நிலா எழும் நேரத்தில் அவர்கள் வந்தார்கள். பலகாரத்தைப் பிளந்தார்கள், சீட்டை எடுத்தார்கள். மாடிப்படியில் இழுத்துப் போகும்போது ஆ லான் அழவில்லை. அவரையே பார்த்தாள்.

"நான் இல்லேன்னாலும் என் துண்டை வெட்டணும். வெட்டலேன்னா நானே வந்து வெட்டுவேன்" என்றாள்.

அவள் திரும்பவில்லை. போர் முடிந்ததும் கடையை விற்று ஊருக்கு வந்தார். மறு வருஷம் அதே பௌர்ணமியில் காலிதாவுக்கு ஏழு மாதக் கரு கலைந்தது. ஆ லான்தான் செய்தாள் என்று அவர் முடிவு கட்டினார். குற்றமுள்ள நெஞ்சு அப்படித்தான் கணக்குப் போடும். அன்று முதல் பினாங்கில் இருக்கும் மச்சான் மீரா சாகிபு வருஷம் ஒரு நிலாப் பலகாரத்தைத் தகர டப்பாவில் அனுப்பி, நாளையும் எழுதி விடுவார். யாருக்கும் தெரியாமல் ஜெய்னுலாபுதீன் அதை வெட்டி, ஒரு துண்டை மொட்டைமாடியில் வைப்பார். காலையில் அது இருக்காது. வேறு தொந்தரவும் இருக்காது.

இந்த 1957இலும் செப்டம்பர் எட்டாம் தேதி வைத்தாயிற்று. காலையில் துண்டு போயிருந்தது. அதற்குப் பிறகுதான் மகளை அழைத்துவர ஆள் அனுப்பினார்; மாப்பிள்ளை வீட்டார் அனுப்பிவைக்க மேலும் ஒரு மாதம் ஆயிற்று. பேரப்பிள்ளைக்கு இனி ஒரு வருஷம் பயமில்லை என்று நிம்மதியாக இருந்தார்.

மத்தியானம் வந்த கப்பல் தபாலை அவர் பிரித்தது மஃரிப் தொழுதுவிட்டு வந்த பிறகுதான். மச்சான் எழுதியிருந்தார்.

'இங்கே சீனர்கள் ஒரு மாதிரியாக இருக்கிறார்கள். நம்மைப் போல அவர்களும் பிறைக் கணக்குதான் என்றாலும், நம் மாதங்கள் போல அவர்கள் மாதங்களை நகர விடுவதில்லை. சூரியக் கணக்கோடு ஒட்டிப் போக, பத்தொன்பது வருஷத்துக்கு ஏழு மாதம் கூட்டுவார்கள். இந்த முறை கூட்டியது எட்டாம் மாதம். ஐம்பத்தேழு வருஷத்துக்குப் பிறகு எட்டாம் மாதம் இரண்டு. பண்டிகையை முதலாவதில் முடித்துவிட்டார்கள். அக்டோபர் எட்டில் வரும் இரண்டாம் பௌர்ணமி நல்லதல்ல என்று கிழவிகள் பேசிக்கொள்கிறார்கள்.'

வேறு மாதங்கள் இரட்டித்ததை அவரே பினாங்கில் பார்த்திருக்கிறார். எட்டாம் மாதம் அவர் ஆயுளில் இரட்டித்ததில்லை.

இன்று அக்டோபர் எட்டு.

கையில் பலகாரம் இல்லை. பினாங்கு கடலுக்கு அப்பால் இருந்தது. ஜன்னலுக்கு வெளியே தென்னைகளுக்கு மேல் நிலா முழுசாக ஏறியிருந்தது.

சந்தன ஊதுபத்தி வாசனை வந்தது. அவர்கள் வீட்டில் சாம்பிராணிதான் போடுவார்கள்.

ஜெய்னுலாபுதீன் முற்றத்துக்கு ஓடினார். நிலா வெளிச்சத்தில் வட்டமேசை ஒன்று கிடந்தது. தேநீர்க் கிண்ணங்களில் ஆவி பறந்தது. நடுவில் தட்டில் நிலாப் பலகாரம்.

வெட்டி வைத்திருந்தது.

நாலு துண்டு.

அவர் விரல் விட்டு எண்ணினார். எனக்கு, காலிதாவுக்கு, சல்மாவுக்கு, அவளுக்கு. அதே பழைய கணக்கு! தன்னை மன்னித்துவிட்டாள் என்று நினைத்ததும் அவருக்கு அழுகையே வந்துவிட்டது. பிள்ளை பிழைத்தது. அல்லாஹ் காப்பாற்றினான்.

"வாப்பா, எனக்காகவா இதெல்லாம்?" சல்மா மெல்ல நடந்து வந்தாள். பின்னால் காலிதா வந்தாள்.

"சாப்பிடும்மா. ஆளுக்கு ஒண்ணு எடுங்க" என்றார்.

காலிதா ஒன்றை எடுத்தாள். சல்மா ஒன்றை எடுத்துத் தின்றாள். பிறகு இன்னொன்றையும் எடுத்தாள்.

"அது எதுக்கு?"

"வயித்துல இருக்கிற புள்ளைக்காம். இவங்கதான் சொல்றாங்க" என்று சல்மா எதிர் நாற்காலியைக் காட்டினாள்.

நாற்காலி காலியாக இருந்தது.

தட்டில் மிச்சமிருந்தது ஒரே துண்டு. அவர் அதை எடுக்கக் கையை நீட்டினார்.

அதற்குள் அது தட்டை விட்டு எழும்பியது. காற்றில் நின்றது. ஓரத்தில் ஒரு கடி குறைந்தது.

"எனக்கு?" என்றார் ஜெய்னுலாபுதீன்.

யாரும் திரும்பவில்லை. காலிதா சுற்றுமுற்றும் பார்த்தாள்.

"எங்க அவுகளைக் காணோம்? இப்பத்தான இங்கன நின்னாக."

"யாரு உம்மா?" என்றாள் சல்மா.

காலிதா வாயைத் திறந்தாள். நெற்றியைத் தேய்த்தாள். "யாரையோ கேக்க வந்தேன். மறந்து போச்சு."

"காலிதா! நான்தான்! இங்கன பாரு!"

அவர் அவள் தோளைப் பற்றினார். அவள் முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு, "வாடை அடிக்குது, உள்ள வா" என்றாள். அந்த நேரம் பார்த்துச் சல்மா வயிற்றைப் பிடித்துக்கொண்டு அலறினாள். பெண்கள் உள்ளறைக்குப் போனார்கள். கதவு சாத்திக்கொண்டது.

அவர் கதவை இரண்டு கையாலும் அடித்தார்.

சத்தமே வரவில்லை.

இஷா பாங்கு சொல்லும் முன் பிள்ளை அழுதது. நல்ல தெளிவான அழுகை. பேரப்பிள்ளைக்காகப் பயந்து பயந்து செத்த மனுஷன் அதைக் கேட்டுக் கதவோடு முகத்தைப் புதைத்துக்கொண்டு அழுதார். பிள்ளையின் காதில் பாங்கு சொல்ல வேண்டிய வீட்டு ஆண்பிள்ளை அவர்தான். உள்ளே யாரும் அவரைத் தேடவில்லை. யாரையாவது தேட வேண்டும் என்ற நினைப்பே அந்த அறையில் இல்லை.

உள்ளே ஒரு குரல் தாலாட்டுப் பாடத் தொடங்கியது. சீன மொழி. பதினைந்து வருஷமாக அவர் கேட்காத குரல்.

பாட்டு ஓரிடத்தில் நின்றது. அடுத்த அடியைத் தட்டுத்தடங்கல் இல்லாமல் பாடியது, ராமநாதபுரத்தைத் தாண்டி எங்கும் போயிராத காலிதா.