ஆராயி சாய்ந்த பக்கம்

இதில் ஒரு எழுத்துகூடப் பொய் கிடையாது. எதிரே நிற்கிற மலையைப் பார்த்துக்கொண்டுதான் சொல்லப்படுகிறது. அந்த மலையைப் பார்த்துப் பொய் சொன்ன அடி அண்ணாமலை ஊர்க்காரர் ஒருவருக்கு ஒரு பக்க மீசை வளராமலே போயிற்று. அதுவும் உண்மை.

அன்று காலை உண்ணாமலை காபி ஆற்றிக்கொண்டிருந்தாள். அவள் புருஷன் பரசுராமன் ஸ்டூல் போட்டு ஏறி, கூடத்துச் சுவரிலிருந்த குடும்பப் படத்தைக் கழற்றினார். படம் இருந்த இடத்தில் சுண்ணாம்பு வெள்ளையாக, கட்டம் கட்டினாற்போல் தெரிந்தது.

அடுத்த வாரம் அவருடைய தாயார் ஆராயிக்கு முதல் வருஷத் திதி. ஆராயி சிரித்த முகமாக இருக்கிற படம் அது ஒன்றுதான். அதைப் பெரிதாக்கி மாலை போட வேண்டும். ஆனால் அதில் தம்பி கோதண்டராமனும் நிற்கிறானே!

"அவனை எடுத்துட்டுத்தான் பெருசு பண்ணணும்" என்றார்.

"இருந்துட்டுப் போகட்டுமேங்க..."

"அம்மா படுத்தப்புறம் ஒரு நாளாவது தொட்டுத் தூக்கியிருப்பானா அவன்? நீ ஒருத்திதானே தூக்கினே. உனக்கு இன்னா அவன்மேல கரிசனம்?"

உண்ணாமலை காபியைப் பார்த்துக்கொண்டே ஆற்றினாள். அது ஆறி வெகுநேரமாகியிருந்தது.

ஆராயிக்கு ஒரு பக்கம் கைகால் விழுந்து, வேலூர் ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பிய வாரம் எடுத்த படம் அது. அடுத்த மாதமே வீட்டைப் பாகம் பிரிப்பதில் அண்ணன் தம்பிக்குள் பேச்சு முற்றி, கோதண்டராமன் வேங்கிக்காலுக்குக் குடிபோய்விட்டான். அவனை வாசற்படி ஏற்றினால் நீயும் அவனோடேயே போய்விடு என்று பரசுராமன் பெண்டாட்டிக்குச் சொல்லி வைத்தார். சாவுக்கு வந்தவனைத் தெருமுனையிலேயே நிறுத்தித் திருப்பி அனுப்பினார்.

பரசுராமன் லாரி ஓட்டுகிறவர். பம்பாய் லோடு ஏற்றிப் போனால் திரும்பப் பல நாளாகும். அண்ணன் லாரி செங்கம் ரோட்டைத் தாண்டியதும், தம்பியின் மொபெட் பின்வாசலில் வந்து நிற்கும். ஆராயியைத் தூக்கி உட்காரவைப்பது, புரட்டிப் போடுவது, குளிப்பாட்டுவது எல்லாம் அவன்தான். உண்ணாமலை அளவுக்கு இரண்டு பேர் சேர்ந்தாலும் ஆராயி எடைக்கு வரமாட்டார்கள். அப்படியும் அவள் தனியாளாகத் தூக்கினாள் என்று ஊரே நம்பியது. பரசுராமன் டீக்கடை டீக்கடையாகப் பெருமை பேசினார். "அண்ணனுக்குத் தெரிஞ்சா உங்களைத்தான் அண்ணி வெளிய அனுப்பும். வாயைத் தொறக்காதீங்க" என்று கோதண்டராமன் கேட்டுக்கொண்டதால், அந்தப் புகழை அவள் வாயில் போட்டுக்கொண்ட கசப்பு மாத்திரையாக வைத்திருந்தாள்.

இருவரும் படத்தோடு கிரிவலப் பாதையோரம் இருக்கிற ஸ்டுடியோவுக்குப் போனார்கள். ஸ்டுடியோக்காரன் கல்யாணங்களுக்குப் போய்ப் படம் எடுப்பான். கம்ப்யூட்டரில் திருத்துவது அவன் மனைவி தென்றல். கெட்டிக்காரி. ஆதார் அட்டைக்குக் கண்மூடி நின்ற இராமலிங்கம் என்பவருக்கு அவள் படத்தில் கண்ணைத் திறந்துவிட, அன்றிலிருந்து அந்த ஆளுக்குப் பகல் தூக்கம் போய்விட்டது.

தென்றல் சட்டத்தைப் பிரித்து, படத்தை ஸ்கேனரில் வைத்தாள். திரையில் எல்லோரும் வந்தார்கள். இடது ஓரம் உண்ணாமலை, அவள் முன்னால் மகள் கவிநிலா, நடுவே நாற்காலியில் ஆராயி, நாற்காலியை ஒட்டிக் கோதண்டராமன், வலது ஓரம் கைகட்டிக்கொண்டு பரசுராமன்.

"எடுத்துடலாம்ண்ணா. எடுக்கிறது ஈசி. எடுத்த எடத்துல இன்னா இருந்துச்சுன்னு நாமளே உண்டாக்கறதுதான் வேலை" என்றாள்.

முதலில் படத்துக்கு ஒரு நகல் எடுத்து, மேல் அடுக்காக, லேயராக வைத்துக்கொண்டாள்; கைவைப்பதெல்லாம் அதில்தான். அடியில் அசல் அப்படியே இருக்கும். கோதண்டராமனைச் சுற்றிப் புள்ளி புள்ளியாகக் கோடு கட்டினாள். அவன் நின்ற இடத்தில் பச்சைத் திரைச்சீலையை நிரப்பினாள். ஒரே மடிப்பைத் திரும்பத் திரும்ப வைத்தால் கண்ணில் குத்தும் என்று அங்கொன்று இங்கொன்றாக எடுத்து ஒட்டினாள். தம்பிக்குப் பின்னால் மறைந்திருந்த பரசுராமனின் வலது தோள் படத்தில் இல்லவே இல்லை. இடது தோளை எடுத்துத் திருப்பிப் போட்டாள். வெளிச்சம் மாறி விழுந்தது. அதை வெளுக்கவைத்துச் சரிசெய்தாள். நாற்காலிமேல் விழுந்த தம்பியின் நிழலையும் துடைத்தாள்.

உண்ணாமலை பார்த்துக்கொண்டிருந்தாள். கொழுந்தனின் முகம் போயிற்று. மார்பு போயிற்று. அண்ணி என்று கூப்பிட்ட வாய் இருந்த இடத்தில் திரைச்சீலை மடிப்பு ஒன்று இறங்கியது.

பிறகு தென்றல் ஆராயியைப் பெரிதாக்கினாள். மவுஸ் நின்றது.

"அண்ணா, இங்க நாலு விரல் இருக்குது."

ஆராயியின் மறுபக்கத்து அக்குளுக்கடியில், புடவை மடிப்போடு மடிப்பாக, நான்கு விரல்கள். கோதண்டராமனின் கை தாயின் முதுகுக்குப் பின்னால் சுற்றிவந்து அவளை இறுக்கிப் பிடித்திருந்தது. பரசுராமன் குனிந்து பார்த்துவிட்டு, அதையும் எடுக்கச் சொன்னார். குரல் கொஞ்சம் கம்மிதான்.

எடுத்தாள். முழுப் படத்தையும் காட்டினாள்.

ஆராயி விழுந்துகொண்டிருந்தாள். இடுப்புக்கு மேலே உடம்பு முழுக்க வலப்பக்கம் சரிந்து, வெறும் திரைச்சீலைமேல் சாய்ந்து, சிரித்துக்கொண்டே விழுந்துகொண்டிருந்தாள்.

"இன்னாம்மா இது... அன்னைக்கு நல்லா உட்கார்ந்திருந்தாளே. அதனாலதானே தேறிட்டாள்னு நினைச்சேன்."

"அவரு மேல சாஞ்சுக்கிட்டு உட்கார்ந்திருக்காங்கண்ணா."

நிமிர்த்தி வைக்கச் சொன்னார். இடுப்பிலிருந்து வெட்டித் திருப்பிப் பார்த்தாள், கழுத்து சுளுக்கிக்கொண்டது. தலையைத் தனியாக எடுத்து நேராக்கினாள். நேராக உட்கார்ந்த ஆராயியைப் பரசுராமன் உற்றுப் பார்த்தார். "இது எங்கம்மா இல்ல. யாரோ டீச்சரம்மா மாதிரி இருக்குது."

"அப்போ என்னை நகத்தி அங்க வை. என்மேல சாஞ்சிருக்கட்டும்" என்றார்.

தென்றல் அவரை வலது ஓரத்திலிருந்து வெட்டி எடுத்து, தம்பி நின்ற இடத்தில் கொண்டுவந்து நிறுத்தினாள். அளவு பொருந்தியது. ஆராயி பெரிய பிள்ளைமேல் சாய்ந்திருந்தாள். பெரிய பிள்ளை கைகட்டிக்கொண்டு கேமராவைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

தென்றல் மெல்ல, "கையைப் பிரிக்க முடியாதுண்ணா. பிரிச்சா பின்னால ஒண்ணும் இல்ல" என்றாள்.

பரசுராமன் அசலைக் காட்டச் சொன்னார். மேல் லேயரை மறைத்தும் காட்டியும் விடுகிற கண் குறியை அவள் தட்டினாள். கோதண்டராமன் வந்தான், ஆராயி பிழைத்தாள். மறுபடி தட்டினாள். அவன் போனான், அவள் சரிந்தாள்.

"இன்னொரு தரம்" என்றார். "இன்னொரு தரம்மா..."

அப்போதுதான் உண்ணாமலை வாயைத் திறந்தாள்.

"அன்னைக்கு மட்டும் இல்லைங்க. கடைசி வரைக்கும் அவருதான் தூக்கினாரு. நீங்க லோடுக்குப் போனா வருவாரு, நீங்க வர்றதுக்குள்ள போயிடுவாரு. அத்தை எடைக்கு நான் எங்க தூக்கறது? என்னை வெளிய போகச் சொன்னா போயிடறேன். அவரை மட்டும் எடுக்காதீங்க."

அவர் நிமிர்ந்து மனைவியின் மெலிந்த கைகளை முதன்முதலாகப் பார்க்கிறவர்போல் பார்த்தார். "தெருமுனையில நின்னுக்கிட்டு, ஒரு தரம் முகத்தைப் பாத்துட்டுப் போயிடறேன்னு கேட்டான்டி..." என்றார்.

படத்தை அப்படியே எடுத்துக்கொண்டு, இரண்டு பேரும் நேராக வேங்கிக்காலுக்குப் போனார்கள். கதவைத் திறந்த கோதண்டராமன் முதலில் அண்ணியைத்தான் பார்த்தான், மாட்டிக்கொண்டாளோ என்று. பரசுராமன் கைகட்டவில்லை. இரண்டு கையையும் நீட்டி, தம்பியின் முதுகுக்குப் பின்னால் சுற்றிப் பிடித்து, அவன்மேல் சாய்ந்துவிட்டார். "அம்மாவைப் பாக்க விடாம பண்ணிட்டேன்டா" என்று அவர் அழுத அழுகையில் பக்கத்திலிருக்கிற கலெக்டர் ஆபீசில் ஒரு மனு நனைந்து போனது. திதிக்கு அண்ணனும் தம்பியும் ஒன்றாகவே எள்ளும் தண்ணீரும் இறைத்தார்கள். கோதண்டராமன் நிற்கிற அந்தப் படத்துக்கு உண்ணாமலை தன் கையால் மாலை போட்டாள்.

இன்றைக்கு அந்த வீட்டுக் கூடத்தில் மாட்டியிருக்கிற படத்தில் நான்கு பேர்தான் இருக்கிறார்கள், கோதண்டராமன் இல்லை. ஆராயி டீச்சரம்மா மாதிரி நேராக உட்கார்ந்திருக்கிறாள். இதைச் சொன்னவருக்கும் இப்போது ஒரு பக்க மீசை வளர்வதில்லை.