ஓரத்திலிருந்து நீண்ட கை

படத்தில் ஒரு கை அதிகமாக இருந்தது.

இணையத்தில் போடுவதற்காகப் பழைய குடும்பப் படத்தை ஸ்கேன் செய்து, கணினியில் பெரிதாக்கியபோதுதான் சிட்டு அதைக் கவனித்தாள். படிக்கட்டில் மாமா, அத்தை, சித்தி; முன்னால் சிறுமியாகச் சிட்டு. பெரியவர்களின் கைகளெல்லாம் அவரவர் மடியில் இருக்க, படத்தின் ஓரத்துக்கு வெளியிலிருந்து நீண்டு வந்த மெலிந்த கை ஒன்று அவள் தோளை அழுத்திப் பிடித்திருந்தது. அடக் கடவுளே, இந்தக் கைக்காரரிடமும் சம்மதம் கேட்க வேண்டுமா என்று எரிச்சல்தான் முதலில் வந்தது.

போன தடவை கேட்காமல் ஒரு படத்தைப் போட்டு, சித்தியோடு பேச்சுவார்த்தையே கொஞ்ச நாள் நின்றுபோயிருந்தது. இன்னொரு முறை குடும்பம் உடைவதை அவளால் தாங்க முடியாது. அதனால் இம்முறை படத்தையும் கீழே வரப்போகும் வரிகளையும் ஒவ்வொருவருக்கும் அனுப்பினாள். எங்கே போடுகிறாள், யாரெல்லாம் பார்ப்பார்கள் என்று சொன்னாள். எப்போது வேண்டாமென்றாலும் எடுத்துவிடுவதாக வாக்குக் கொடுத்தாள். மாமா, பெயரைப் போடு, ஊரைப் போடாதே என்றார். அத்தை உயிரோடு இல்லை. அவள் மகன் தங்கையைக் கேள் என்றான், தங்கை அண்ணனைக் கேள் என்றாள்.

"படம் இருக்கட்டும். பேரு வேணாம்," என்றாள் சித்தி.

"சித்தின்னு மட்டும் போடட்டுமா?"

"அதுவும் வேணாம்டி. ஆபீஸ்ல தோண்டித் துருவ ஆளுங்க இருக்காங்க."

பற்களைக் கடித்துக்கொண்டு, 'பெயர் வெளியிட விரும்பாத உறவினர்' என்று திருத்தினாள். பிறகு, படம் எடுத்த அப்பாவுக்கே போன் செய்து அந்தக் கையைப் பற்றிக் கேட்டாள்.

"அந்தப் பக்கம் சுவரும்மா," என்றார் அப்பா. "ஆள் நிக்க இடமே கிடையாது."

வெளியே மழை பிடித்தது. மாலை வெளிச்சம் மங்கி, அறையில் நனைந்த சுண்ணாம்பின் வாடை எழுந்தது. சுவருக்குள் ஏதோ மெல்ல உரசுவதுபோல ஒரு சத்தம். எலியாக இருக்கும் என்று நினைத்தாள். போன் அடித்தது. தெரியாத எண்.

"சிட்டு, நானும் ஒரு படம் போடப்போறேன். உன் பேரைப் போடலாமா?"

வயதான பெண் குரல். அத்தை வழிச் சொந்தம் யாரோ. காலையிலிருந்து கெஞ்சிக் கெஞ்சி அலுத்திருந்த சிட்டுவுக்குப் பொறுமை போய்விட்டது.

"தாராளமா போட்டுக்கோங்க."

"சந்தோஷம்மா."

வைத்த பிறகுதான் உறைத்தது. என்ன படம் என்று கேட்கவில்லை. எங்கே என்று கேட்கவில்லை. யார் என்றே கேட்கவில்லை.

உரசல் நின்றது.

போனில் ஒரு படம் வந்தது. இதே மேசை. இதே கணினி. பின்னாலிருந்து எடுத்தது. அவள் முதுகு. அவள் தோளில், படத்தின் ஓரத்திலிருந்து நீண்ட கை.

கீழே இரண்டு வரி.

'இடமிருந்து வலம்: சிட்டு.

பெயர் வெளியிட விரும்பாத உறவினர்.'

அவள் திரும்பவில்லை. தோளில், ஒவ்வொன்றாக, விரல்கள் பதிந்தன.